இரண்டு குறைக்கு இரண்டு கடிதம்

ஆன்லைனில் பொருள் விற்கும் பிள்ளைகள் இப்போது நம் பக்கத்திலும் நிறைய இருக்கிறார்கள். ஜெயங்கொண்டத்தில் முந்திரி விற்கிறார்கள், செட்டிகுளத்தில் வெங்காய வடகம் விற்கிறார்கள், அரும்பாவூரில் மரச் சிற்பம் விற்கிறார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் காலையில் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. பொருளை நிறுத்தி வைத்திருக்கிறோம், பணத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்கிறது. பிள்ளைகள் பதறிப்போய் செல்லர் சப்போர்ட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார்கள். அதில் அழுகை இருக்கிறது, கோபம் இருக்கிறது, மன்னிப்பும் இருக்கிறது. இருக்க வேண்டியவை மட்டும் இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. இதற்குத் தேவையானது புது வித்தை இல்லை. நாம் அரசு அலுவலகத்தில் பழகிய பொருள், பார்வை, இணைப்பு என்கிற முறைதான். கருவூலத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பில்களுக்கு ஆட்சேபணை போட்டவன், ஆட்சேபணைக்கு வந்த பதில்களைப் படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எந்தப் பதில் வேலை செய்யும், எது திரும்பி வரும் என்பது அந்த மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

என் தம்பி மகள் விஷயத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். கம்பெனியின் பெயர் வேண்டாம். எல்லாக் கம்பெனியிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

அவளைக் கட்டிக் கொடுத்தது அரும்பாவூரில். பச்சைமலை அடிவாரத்து ஊர். அங்கே செய்யும் மரச் சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை செதுக்குகிறார், அவள் படம் எடுத்து ஆன்லைனில் ஏற்றி விற்கிறாள். ஜி.எஸ்.டி. பதிவு அவள் பெயரில்தான். பிள்ளையார், மயில், பூஜை மண்டபம், யானை என்று பதினான்கு பொருள்கள் அவள் கணக்கில் இருந்தன. தை பிறந்தால் கிரகப்பிரவேசங்கள் வரிசையாக வரும், பரிசு கொடுக்க வாங்குவார்கள். அதனால் மார்கழியில்தான் மரம் வாங்கிப் போட வேண்டும், கூட வேலை செய்யும் இரண்டு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

ஜனவரி 3-ஆம் தேதி யானைச் சிற்பத்தின் லிஸ்டிங் நிறுத்தப்பட்டது. காரணம் என்று ஒரே வரி: தடை செய்யப்பட்ட பொருள், வன உயிரினத்திலிருந்து செய்யப்பட்டது. அதே நாளில் கணக்கில் இருந்த பணமும் நின்றது. கணக்கு பரிசீலனையில் இருப்பதாக அதற்கு ஒரு வரி.

மறுநாள் காலை பெரம்பலூருக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு கடிதம், இன்னும் அனுப்பவில்லை. "பெரியப்பா, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்றாள். படித்தேன். "நாங்கள் செய்த விதிமீறலுக்கு மன்னிக்கவும், இனி இப்படி நடக்காது, தயவுசெய்து பணத்தை விடுவிக்கவும்" என்று இருந்தது.

"ஏம்மா, என்ன தப்பு செய்தீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யலை பெரியப்பா. மன்னிப்புக் கேட்டா சீக்கிரம் விட்டுடுவாங்கன்னு சொன்னாங்க."

இங்கேதான் முதல் ஆபத்து. யானைத் தந்தத்தை விற்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செய்யாத குற்றத்தைச் செய்ததாக, தன் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் போட்டு எழுதிக் கொடுக்கப் போகிறாள். அந்தக் காகிதம் கம்பெனியின் பதிவில் எத்தனை காலம் இருக்கும், யார் கையில் போகும் என்று நமக்குத் தெரியாது. இப்படி எழுதத் தூண்டுவதும் அந்தக் கம்பெனிகளின் படிவம்தான். 'தவறு ஏன் நடந்தது, இனி நடக்காமல் என்ன செய்வீர்கள்' என்று கட்டம் கட்டிக் கேட்கிறார்கள். தவறே நடக்கவில்லை என்று சொல்ல அதில் கட்டம் இல்லை. ஆனாலும் முதல் கட்டத்திலேயே அதை எழுதலாம். எழுதத்தான் வேண்டும்.

அடுத்து, இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தேடினோம். பொருளின் விவரப் பக்கத்தை வரி வரியாகப் படித்தோம். செய்பொருள் என்ற இடத்தில் `Wood` என்று சரியாகவே இருந்தது. நிறம் என்ற இடத்தில் `Ivory` என்று இருந்தது. அது அவள் தட்டச்சு செய்த சொல் இல்லை. கம்பெனியே வைத்திருக்கும் நிறப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தது. பாலிஷ் போடாத வாகை மரத்தின் வெளிப்பகுதி வெளிறிய நிறத்தில் இருக்கும். அதற்குக் கிட்டத்தில் இருந்த நிறம் அதுதான். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தந்தம் என்றும் பொருள். தலைப்பில் யானை, படத்தில் கொம்புள்ள யானை, நிறத்தில் இந்தச் சொல். சொற்களைச் சலிக்கும் கணினிச் சல்லடையில் இது மாட்டியிருக்க வேண்டும். தந்தத்தைத் தடுக்க அப்படி ஒரு சல்லடை வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது பிடித்ததை ஒரு மனிதர் பார்க்காமல் தண்டனை கொடுப்பதில்தான் ஆட்சேபணை.

"உடனே நிறத்தை மாத்திடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். மாற்றிவிட்டால் சாட்சி போய்விடும். முதலில் விவரப் பக்கம், நிறப் பட்டியல், வந்த அறிவிப்பு மூன்றையும் தேதி தெரியும்படி படம் பிடித்து வைக்கச் சொன்னேன். அந்த லிஸ்டிங்கை அழித்துவிட்டு அதே யானையைப் புதிதாக ஏற்றும் யோசனையும் அவளிடம் இருந்தது. அதுவும் கூடாது. நிறுத்திய பொருளை வேறு எண்ணில் மறுபடி ஏற்றினால் தடையை ஏமாற்றிய கணக்கில் சேரும். அப்போது உண்மையிலேயே ஒரு விதிமீறல் ஆகிவிடும்.

அடுத்ததாக, அவள் கடிதத்தில் இரண்டு குறையும் கலந்து கிடந்தன. லிஸ்டிங்கைப் பார்ப்பது ஒரு பிரிவு, பணத்தைப் பார்ப்பது வேறு பிரிவு. கருவூலத்தில் ஒரே காகிதத்தில் சம்பள நிலுவையையும் பயணப்படியையும் எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? முதலில் பார்க்கும் எழுத்தர் தன் பகுதிக்கு மட்டும் ஒரு பதில் எழுதிக் கோப்பை முடித்துவிடுவார். இங்கேயும் அதே கதைதான். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கடிதத்துக்குச் சில நிமிடமே இருக்கும். அவர் தேர்ந்தெடுக்கத் தயாராகச் சில பதில்கள் திரையில் இருக்கும். அவர் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது நம் முதல் வரியிலேயே தெரிய வேண்டும். ஆகவே இரண்டு கடிதம், இரண்டு கேஸ் எண்.

முதல் கடிதம் ஜனவரி 5 அன்று போனது. ஆங்கிலத்தில் அனுப்பியதன் தமிழ் வடிவம் இது:

பொருள்: லிஸ்டிங் தவறுதலாக நிறுத்தப்பட்டது – மீண்டும் செயல்படுத்தக் கோருதல்.

பார்வை: தங்கள் 3-1 தேதிய அறிவிப்பு, லிஸ்டிங் எண், கேஸ் எண்.

1. இந்தப் பொருள் முழுவதும் வாகை மரத்தால் ஆனது. தந்தமோ வேறு எந்த விலங்கின் பாகமோ இதில் இல்லை. விதிமீறல் எதுவும் நடக்கவில்லை.

2. தங்கள் நிறப் பட்டியலில் உள்ள `Ivory` என்ற நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. அது நிறத்தின் பெயர், செய்பொருளின் பெயர் அல்ல. செய்பொருள் `Wood` என்றே குறிக்கப்பட்டுள்ளது. (படம் 1, 2)

3. மரம் வாங்கிய பில்லும், சிற்பத்தின் அடிப்பாகத்தில் மர ரேகை தெரியும் படமும் இணைக்கப்பட்டுள்ளன. (படம் 3, 4)

4. லிஸ்டிங்கை மீண்டும் செயல்படுத்தக் கோருகிறோம். தாங்கள் விரும்பினால் நிறத்தை `Beige` என்று மாற்றிக்கொள்கிறோம்.

அவ்வளவுதான். குடும்பக் கஷ்டம் இல்லை, எத்தனை வருடமாக விற்கிறோம் என்பது இல்லை. கஷ்டம் உண்மைதான். ஆனால் படிப்பவர் முடிவெடுக்க அது உதவாது.

புவிசார் குறியீட்டுச் சான்றையும் சேர்க்கலாம் என்றாள். நான் வேண்டாம் என்றேன். அது அரும்பாவூர் சிற்பம் என்பதற்கு ஆதாரமாகலாம். இந்த ஒரு யானை எந்தப் பொருளால் ஆனது என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. கேட்காத சான்றைச் சேர்த்தால், கேட்ட சான்று அதன் அடியில் மறைந்துவிடும்.

மறுநாளே பதில் வந்தது. 'தங்கள் முறையீடு பரிசீலிக்கப்பட்டது, முடிவில் மாற்றம் இல்லை' என்று எல்லோருக்கும் அனுப்பும் பதில். பெயர்கூட இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புது கேஸ் போடலாம் என்றாள். அதையும் தடுத்தேன். ஒரே விஷயத்துக்கு நான்கு கேஸ் இருந்தால், பழையதைக் காட்டிப் புதியதை முடித்துவிடுவார்கள். அதே கேஸில் பதிலாக இரண்டே வரி எழுதினோம். 'இணைத்த மர பில் ஏற்கப்படவில்லையா? ஏற்கவில்லை என்றால் எந்தக் குறையினால் என்று தெரிவிக்கவும்.' கேள்வியாகக் கேட்டால் தயாராக இருக்கும் பதில் பொருந்தாது. யாராவது ஒருவர் படித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த முறை ஒரு மனிதர் படித்தார் என்று தெரிந்தது. பில்லில் 'மரம் – 6 கன அடி' என்று மட்டும் இருக்கிறது, என்ன மரம் என்று இல்லை என்றார். நியாயமான ஆட்சேபணை, நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். பில்லிலேயே 'வாகை' என்று எழுதித் தரக் கடைக்காரர் தயாராக இருந்தார். அது கூடாது. கொடுத்த பில்லில் பின்னால் எழுதினால் திருத்திய ஆவணம் ஆகிவிடும், அதன் பிறகு நம் எந்தக் காகிதத்தையும் நம்ப மாட்டார்கள். பில் எண்ணும் தேதியும் குறிப்பிட்டு, அந்தப் பில்லில் கொடுத்தது வாகை மரம் என்று கடையின் லெட்டர்பேடில் தனிக் கடிதம் வாங்கி அனுப்பினோம். ஜனவரி 13 அன்று லிஸ்டிங் திரும்ப வந்தது.

பணத்துக்கான கடிதம் இன்னும் சுவாரசியமானது. நின்றுபோன பணத்தை முதலில் இரண்டாகப் பிரித்தோம். டிசம்பரில் போன பதினொரு ஆர்டரில் ஒன்பது, வாங்கியவர் கைக்குப் போய் திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்தவை. இரண்டுக்குக் கெடு முடியவில்லை. அந்த இரண்டைக் கேட்கவே இல்லை. மறுக்க முடியாததை மட்டும் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் கிடைக்காது.

ஒன்பது ஆர்டரின் விற்பனை வரியோடு சேர்த்து 31,500 ரூபாய், வரி நீங்கலாக 30,000. கம்பெனியின் கமிஷன், அனுப்பும் செலவு, அவற்றின் மேல் வரி எல்லாம் சேர்ந்து 6,930. அடுத்து டி.சி.எஸ். என்று ஒரு பிடித்தம் உண்டு. ஆன்லைன் கம்பெனி, விற்றவர் பணத்திலிருந்து ஜி.எஸ்.டி. சட்டப்படி பிடித்து அரசுக்குக் கட்டுவது. 2024 ஜூலை 10 முதல் அது அரை சதவீதம், 30,000-க்கு 150 ரூபாய். இரண்டையும் கழித்தால் வர வேண்டியது 24,420. இந்த ஒரு தொகையைத்தான் கேட்டோம், ஆர்டர் எண் வாரியாக ஓர் அட்டவணை போட்டு. யானை அதில் ஒன்றே ஒன்று, விலை 3,500. மற்ற எட்டுக்கும் நிறுத்திய லிஸ்டிங்குக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் ஒரு வரியில் எழுதினோம்.

பதில், 'கணக்கு பரிசீலனையில் உள்ளது'. எத்தனை நாள், எதைப் பற்றி என்று எதுவும் இல்லை.

இந்த டி.சி.எஸ். பிடித்தம்தான் எங்களுக்குக் கை கொடுத்தது. கம்பெனி ஒவ்வொரு மாதமும், முந்தைய மாதத்தில் யார் எவ்வளவு விற்றார்கள், எவ்வளவு பிடித்தோம் என்று 10-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அது விற்பவரின் ஜி.எஸ்.டி. பக்கத்தில் `TDS and TCS Credit Received` என்ற இடத்தில் தெரியும். 11-ஆம் தேதி பார்த்தோம். டிசம்பர் விற்பனை முழுவதும் அவள் பெயரில் ஏறியிருந்தது. அதாவது, இந்த விற்பனை நடந்தது, பணம் எங்களிடம் வந்தது, அதில் வரியும் பிடித்தோம் என்று கம்பெனியே அரசிடம் சொல்லியிருக்கிறது. அதே பணத்தை விற்றவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அந்தப் பக்கத்தின் படத்தை இணைத்து, லிஸ்டிங் திரும்ப வந்த 13-ஆம் தேதியே அதே கேஸில் எழுதினோம். 'பரிசீலனைக்குக் காரணமான லிஸ்டிங் இன்று தங்களால் மீட்டுத் தரப்பட்டது. இந்த விற்பனைக்குத் தாங்களே வரிக் கணக்குத் தாக்கல் செய்துள்ளீர்கள். இனி எந்த விதியின் கீழ் பணம் நிறுத்தப்பட்டுள்ளது என்று தெரிவிக்கவும்.' கம்பெனியின் இணையப் பக்கத்தில் குறைதீர் அலுவலர் என்று ஒருவர் முகவரி இருக்கும், அவருக்கும் ஒரு நகல். ஜனவரி 24 அன்று 24,420 ரூபாய் வங்கிக்கு வந்தது. மற்ற இரண்டு ஆர்டரின் பணம் அடுத்த தவணையில் வந்தது.

இதைப் படித்துவிட்டு, முறையாக எழுதினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். யானை திரும்ப வந்தது, ஆனால் முன்பு தேடினால் முதல் பக்கத்தில் வந்த பொருள் இப்போது எங்கோ பின்னால் கிடக்கிறது. தை முகூர்த்த விற்பனையில் பாதி போய்விட்டது. மரத்துக்குக் கடன் வாங்கித்தான் கூலி கொடுத்தார்கள். இதற்கெல்லாம் ஒரு ரூபாய் ஈடு கிடையாது, 'தவறு எங்களுடையது' என்ற ஒரு வரியும் கிடையாது.

கடைசியாக, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, நுகர்வோர் புகார் கொடுத்தால் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அது வாங்குபவருக்கு. விற்பவருக்கு அப்படி ஒரு கெடு அந்த விதிகளில் இல்லை. சிறுதொழிலுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது பொருளை வாங்கியவர் கொடுக்க வேண்டிய கெடு. 'வாங்கியது நாங்கள் இல்லை, நாங்கள் வெறும் சந்தை' என்று கம்பெனி சொல்லிவிடும். உத்யம் பதிவு உள்ளவர்கள் மத்திய அரசின் சாம்பியன்ஸ் தளத்தில் முறையிடலாம், நாங்கள் அதற்குப் போகும் முன் பணம் வந்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை 12 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விற்பவரின் பொருளை நிறுத்தினால், நிறுத்தும்போதாவது காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். 'தடை செய்யப்பட்டது' என்று மொட்டையாகச் சொல்லிவிட முடியாது, எந்த உண்மையின் அடிப்படையில் என்று சொல்ல வேண்டும். சிறு நிறுவனங்கள் தவிர மற்றவை, இலவசமாக முறையிட ஓர் ஏற்பாடும் வைத்திருக்க வேண்டும். நம்மிடம் கேட்பது அதற்கு மேல் எதுவும் இல்லை. 'உங்கள் நிறக் கட்டத்தில் உள்ள சொல்லால் நிறுத்தினோம்' என்று ஜனவரி 3 அன்றே எழுதியிருந்தால், பத்து நாள் அலைச்சல் ஒரு நாளில் முடிந்திருக்கும். கருவூலத்தில் காரணம் எழுதாமல் ஒரு பில்லைத் திருப்ப எங்களுக்கு அதிகாரம் இருந்ததில்லை. பெரம்பலூரும் அரியலூரும் 2001-ல் பிரிந்து, 2002-ல் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்து, கோப்புகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்த காலத்திலும் அந்த வழக்கம் மாறவில்லை. பார்வை எண்ணும் காரணமும் எழுதியிருந்த கோப்பு எந்த ஊரில் இருந்தாலும் கிடைத்தது.

வாங்குபவருக்கு இருக்கும் 48 மணி நேரமும் ஒரு மாதமும் விற்பவருக்கும் வேண்டும், நிறுத்தும் நாளிலேயே காரணமும் வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், 'மன்னிக்கவும்' என்று அவர்கள் எழுதுவதற்கு முன் அதை ஒரு முறை வாங்கிப் படித்துப் பாருங்கள்.